ஆர்எஸ்-485: 600 மீட்டரில் கடைசி ஐந்து மின்மானிகள் மட்டும் ஏன் பதில் சொல்வதில்லை?

பல்லடம்_மின்பிரிவு | 10 ஜூன் 2024, இரவு 9.40

நூற்பாலையில் மின்பிரிவு என் பொறுப்பு. கட்டுப்பாட்டு அறையிலிருந்து கம்ப்ரஸர் அறை வழியாகப் புதிய ஷெட் வரை ஒரே ஆர்எஸ்-485 கேபிள் போகிறது. நீளம் ஏறக்குறைய 600 மீட்டர். அதில் 16 மின்மானிகள், முகவரி 11 முதல் 26 வரை. மோட்பஸ் ஆர்டியு, வேகம் 9600. கணினிப் பக்கத்தில் யுஎஸ்பி மாற்றி இருக்கிறது. இரண்டு முனைகளிலும் 120 ஓம் போட்டிருக்கிறேன். மூன்றாவது கம்பி இழுக்கவில்லை.

ஷெட் ஓடாத நேரத்தில் பதினாறும் ஒழுங்காகப் பதில் தருகின்றன. ரிங் ஃபிரேம்களின் விஎஃப்டிகள் ஓடத் தொடங்கியதும் புதிய ஷெட்டில் இருக்கும் கடைசி ஐந்தும் மௌனமாகிவிடுகின்றன. முதல் பதினொன்றில் அவ்வப்போது சிஆர்சி பிழை வருகிறது, ஆனால் அடுத்த கேள்விக்குச் சரியாகிவிடுகிறது.

1200 மீட்டர் வரை போகும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. நான் அதில் பாதிதான் போயிருக்கிறேன். இரண்டு கம்பிகளுக்கு இடையிலான வித்தியாசத்தைத்தானே ரிசீவர் பார்க்கிறது, எர்த் எப்படி இருந்தால் அதற்கு என்ன? ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு மின்மானியிலும் 120 ஓம் போடச் சொல்கிறார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

---

தீப்பொறி | 10 ஜூன் 2024, இரவு 10.15

பேனல் கட்டும் தொழிலில் இருக்கிறேன். ஒவ்வொன்றிலும் போடாதீர்கள், டிரைவரின் மூச்சு முட்டிவிடும். இரண்டு முனைகளில் மட்டும்தான்.

முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஏ, பி இடையே ஓம் பாருங்கள். இரண்டு 120 இணையாக இருந்தால் 60 வர வேண்டும். 60 வராவிட்டால் எங்கோ ஒரு முனை கழன்றிருக்கிறது. எர்த் பற்றி நீங்கள் சொல்வது சரி, வித்தியாச சிக்னலுக்கு எர்த் தேவையில்லை. வேகத்தை 2400க்கு இறக்கிப் பாருங்கள்.

---

பல்லடம்_மின்பிரிவு | 11 ஜூன் 2024, காலை 7.05

காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் பார்த்தேன். மின்மானிகளின் பிளக்குகளைக் கழற்றிவிட்டேன். உள்ளே வரும் கம்பியும் வெளியே போகும் கம்பியும் பிளக்கிலேயே சேர்ந்திருப்பதால் தொடர்ச்சி அறுபடவில்லை. கட்டுப்பாட்டு அறையில் 78 ஓம் காட்டுகிறது. ஒரு முனை கழன்றிருந்தால் 120 காட்ட வேண்டும் அல்லவா? 78 என்றால் என்ன?

2400லும் கடைசி ஐந்து வரவில்லை.

---

ஓசூர்_கருவியியல் | 11 ஜூன் 2024, மதியம் 1.30

78 சரியான அளவு. எதையும் தொடாதீர்கள்.

உங்கள் கேபிள் 24 கேஜ் என்று எடுத்துக்கொள்கிறேன். அதன் ஒரு கம்பிக்கு மீட்டருக்கு 0.084 ஓம். 600 மீட்டர் போய்த் திரும்பினால் 101 ஓம். ஆகவே கட்டுப்பாட்டு அறையில் நின்று பார்க்கும்போது அருகில் உள்ள 120 ஓமும், அதற்கு இணையாகத் தொலைவில் உள்ள 120 + 101 ஓமும் தெரிகின்றன. கணக்குப் போட்டால் 78 வரும். 60 என்பது பத்து மீட்டர் பேனலுக்குள் வரும் எண். 600 மீட்டரில் 60 வந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன், நடுவில் யாரோ இன்னொரு மின்தடை போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

இதே கணக்கு தூரத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கும் பதில் சொல்கிறது. டிரைவர் ஒரு முனையில் 2 வோல்ட் வித்தியாசம் கொடுத்தால் மறுமுனையில் 120 / 221 பங்கு, அதாவது 1.09 வோல்ட் போய்ச் சேரும். 1983இல் வந்த அந்தத் தரம் டிரைவரிடம் குறைந்தது 1.5 வோல்ட் கேட்கிறது. அந்தக் குறைந்த அளவிலும் மறுமுனையில் 0.8 வோல்ட் இருக்கும். ரிசீவருக்குத் தேவை 0.2 வோல்ட்தான். பாதிச் சிக்னல் கேபிளிலேயே தீர்ந்தும் நான்கு மடங்கு மிச்சம். நூற்றுக்கணக்கான மீட்டருக்கு இந்த பஸ் தாக்குப்பிடிப்பதற்கு இந்த மிச்சம்தான் முதல் காரணம். உங்கள் கோளாறு தூரத்தால் வந்ததில்லை.

மூன்று அளவுகள் வேண்டும். ஒன்று, யாரும் பேசாதபோது ஏ, பி இடையே எத்தனை வோல்ட்? இரண்டு, ஷெட் ஓடும்போது மாற்றியின் பொது முனைக்கும் கடைசி மின்மானியின் பொது முனைக்கும் இடையே எத்தனை ஏசி வோல்ட்? உதிரிக் கம்பி ஒன்று இருந்தால் அதை வைத்து அளக்கலாம். மூன்று, ஏ, பி இரண்டுக்கும் எந்த நிறக் கம்பிகளை எடுத்திருக்கிறீர்கள்?

---

திருவிழா_ஒளி | 11 ஜூன் 2024, மாலை 6.20

எங்களுக்கும் இதே பிரச்சினைதான். மேடை விளக்குகளுக்கு டிஎம்எக்ஸ் கேபிள் இழுக்கிறோம், அதுவும் 485 என்று சொல்கிறார்கள். கடைசி விளக்கில் 120 ஓம் பிளக் செருகாவிட்டால் தலைகள் தாமாக ஆடுகின்றன. செருகியதும் அடங்கிவிடுகின்றன. உங்கள் கடைசி மின்மானியில் 120 ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள் சார். அவ்வளவுதான் விஷயம்.

---

ஓசூர்_கருவியியல் | 11 ஜூன் 2024, இரவு 8.50

திருவிழா_ஒளி, உங்கள் அனுபவம் உண்மை. ஆனால் இவருடைய இடம் வேறு. டிஎம்எக்ஸ் நொடிக்கு 2,50,000 பிட் அனுப்புகிறது, ஒரு பிட்டுக்கு 4 மைக்ரோ நொடி. கேபிளில் சிக்னல் ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 5 நானோ நொடி ஆகும். உங்கள் கேபிள் 200 மீட்டர் என்றால் முனையில் மோதித் திரும்பும் அலை 2 மைக்ரோ நொடியில் வந்துவிடும். அதாவது பிட்டின் நடுவில். ரிசீவர் படிப்பதும் அந்த நடுவில்தான். அதனால்தான் விளக்கு ஆடுகிறது.

இவருடையது 9600. ஒரு பிட் 104 மைக்ரோ நொடி. 600 மீட்டர் போய்த் திரும்ப 6 மைக்ரோ நொடி. படிக்கும் நேரம் 52ஆவது மைக்ரோ நொடியில் வருகிறது. அதற்குள் எதிரொலி பல முறை போய்வந்து தேய்ந்துவிடும்.

---

தீப்பொறி | 11 ஜூன் 2024, இரவு 9.30

அப்படியானால் 9600இல் முனை மின்தடையே தேவையில்லை என்கிறீர்களா? ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு சாயப்பட்டறையில் 300 மீட்டர், 9600. மின்தடையைக் கழற்றியதும் பிழை கூடியது. போட்டதும் குறைந்தது. என் கண்ணால் பார்த்தது.

---

ஓசூர்_கருவியியல் | 11 ஜூன் 2024, இரவு 10.05

எதிரொலிக்காகத் தேவையில்லை என்றுதான் சொன்னேன். நீங்கள் பார்த்ததற்கு வேறு விளக்கம் இருக்கலாம். 60 ஓம் சுமை இருக்கும் கேபிளில் பக்கத்து மோட்டார் கேபிளிலிருந்து ஏறும் இரைச்சல் பெரிய வோல்ட்டாக வளர முடியாது. சுமை இல்லாத கேபிளில் வளரும். மறுபக்கம், அதே 60 ஓம் ஓய்வு நேர வோல்ட்டையும் விழுங்கிவிடுகிறது. எனவே சில இடங்களில் கழற்றினால் நன்றாகிறது, சில இடங்களில் கெடுகிறது. இரண்டையும் பார்த்திருக்கிறேன். பொதுவான விதி ஒன்றை என்னால் தர முடியாது.

---

யாழ்_குளிரறை | 12 ஜூன் 2024, காலை 6.45

ஓசூர் அண்ணா கம்பி நிறத்தைக் கேட்டது மிக முக்கியமான கேள்வி. யாழ்ப்பாணத்தில் மீன் குளிரறை ஒன்றில் நான் பட்டபாடு அதில்தான்.

நான்கு சோடி நெட்வொர்க் கேபிள் போட்டிருந்தார்கள். ஏ முனைக்கு நீலக் கம்பி, பி முனைக்குச் செம்மஞ்சள் கம்பி. பார்வைக்கு ஒழுங்கு, ஓம் பார்த்தாலும் ஒழுங்கு. ஆனால் நீலம் முறுக்கியிருப்பது வெள்ளை-நீலத்தோடு, செம்மஞ்சள் முறுக்கியிருப்பது வெள்ளை-செம்மஞ்சளோடு. ஏ, பி இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கப்படவே இல்லை. கம்ப்ரஸர் தொடங்கும்போதெல்லாம் வெப்பநிலை வாசிப்பு போய்விடும்.

முறுக்கின் வேலை எளியது. ஒரு முறுக்கில் ஏ மோட்டார் கேபிளுக்குப் பக்கத்தில் இருந்தால் அடுத்த முறுக்கில் பி பக்கத்தில் வரும். முழு நீளத்தில் இரண்டு கம்பியிலும் ஏறக்குறைய ஒரே அளவு இரைச்சல் ஏறும். ரிசீவர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது அது போய்விடும். வெவ்வேறு சோடியிலிருந்து எடுத்தால் ஒரு கம்பியில் கூடவும் மற்றதில் குறையவும் ஏறும், கழித்தாலும் மிச்சம் நிற்கும். பி முனையை வெள்ளை-நீலத்துக்கு மாற்றியதும் எங்கள் கோளாறு தீர்ந்தது, வேறு எதையும் தொடவில்லை.

கேபிளின் இரண்டு முனையை மட்டும் பார்த்தால் போதாது. நடுவில் இணைத்த ஒவ்வோர் இடத்திலும் நிறத்தைப் பாருங்கள்.

---

பல்லடம்_மின்பிரிவு | 12 ஜூன் 2024, இரவு 8.10

நிறம் எல்லா இணைப்பிலும் பார்த்தேன். வெள்ளை-நீலம், நீலம், கடைசிவரை ஒரே சோடி. அதில் குற்றமில்லை.

ஓய்வு நேர வோல்ட் கட்டுப்பாட்டு அறையில் 0.04. ஷெட்டில் 0.02.

பொது முனைகளுக்கு இடையே, உதிரிச் சோடியை வைத்து அளந்தேன். ஷெட் நின்றிருக்கும்போது 2 வோல்ட் ஏசி, ஓடும்போது 8 வோல்ட் ஏசி. புதிய ஷெட்டுக்குத் தனி டிரான்ஸ்பார்மர், தனி எர்த் குழி. அங்குள்ள ஐந்து மின்மானிகளும் வேறு வகை. கையேட்டில் தகவல் தொடர்பு முனை தனிமைப்படுத்தப்பட்டது என்று எதுவும் எழுதவில்லை. பழைய பதினொன்றின் கையேட்டில் எழுதியிருக்கிறது.

மென்பொருளின் பதிவிலிருந்து 17ஆம் முகவரியின் ஒரு பிழையை எடுத்துப் போடுகிறேன். முதல் வரி கேள்வி, இரண்டாவது பதில்.

```
11 03 00 6B 00 03 76 87
00 11 03 06 AE 41 56 52 43 40 49 AD
```

---

ஓசூர்_கருவியியல் | 12 ஜூன் 2024, இரவு 10.40

எல்லாம் இதில் இருக்கிறது. உங்களிடம் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன, ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டிருக்கின்றன.

முதலில் பதிவின் இரண்டாவது வரியைப் பாருங்கள். பதிவு ஹெக்ஸ் எண்களில் இருப்பதால் 17ஆம் முகவரி அதில் `11` என்று தெரியும். மின்மானி அனுப்பியது அந்த `11` முதல் `AD` வரை. அது முழுவதும் சரி, சிஆர்சியும் சரி. முன்னால் ஒட்டியிருக்கும் `00` யாரும் அனுப்பாதது. மென்பொருள் அதையும் சேர்த்துக் கணக்கிட்டதால் பிழை என்று தள்ளிவிட்டது.

அந்த `00` எங்கிருந்து வந்தது? கேள்வி முடிந்து டிரைவர் கையை விட்ட பிறகு, பதில் தொடங்கும் வரை, கேபிளை யாரும் பிடித்திருப்பதில்லை. அப்போது ஏ, பி இடையே இருப்பது 0.04 வோல்ட். +0.2க்கு மேல் இருந்தால் ஒன்று, -0.2க்குக் கீழே இருந்தால் சுழியம், நடுவில் இருந்தால் ரிசீவர் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்பதுதான் தரம். சிறிய இரைச்சல் அதைச் சுழியத்துக்குத் தள்ளினால் போதும், அது தொடக்க பிட் என்று எண்ணிக்கொண்டு ஒரு பைட்டைப் படித்துவிடுகிறது. சிக்னல் பேசும்போது உங்கள் பஸ் உறுதியாக இருக்கிறது. பேசாதபோதுதான் வலுவிழக்கிறது.

0.04 ஏன் என்றும் சொல்லலாம். பல யுஎஸ்பி மாற்றிகளில் உள்ளே 4.7 கிலோ ஓம் இழுப்பு மின்தடைகள்தான் இருக்கும்.

```
5 × 78 / (4700 + 4700 + 78) = 0.041
```

நீங்கள் அளந்ததும் அதுதான். இதைச் சரிசெய்ய, மாற்றியின் அருகில் 5 வோல்ட்டிலிருந்து நேர் முனைக்கு ஒன்று, எதிர் முனையிலிருந்து பொது முனைக்கு ஒன்று எனக் குறைந்த ஓம் மின்தடைகள் போட வேண்டும்.

இரண்டாவது கோளாறு கடைசி ஐந்தில். நாளை எழுதுகிறேன்.

---

தீப்பொறி | 12 ஜூன் 2024, இரவு 11.00

560 ஓம் போடுங்கள். நாங்கள் எல்லாப் பேனலிலும் அதுதான் போடுகிறோம். 60 ஓம் சுமையில் 0.25 வோல்ட் வரும்.

ஒரு சந்தேகம். இப்போது வரும் சிப்களில் சுழிய வோல்ட்டையே ஒன்று என்று எடுத்துக்கொள்ளும் வகை இருக்கிறதே? அதில் இந்த மின்தடைகள் எதற்கு?

---

ஓசூர்_கருவியியல் | 13 ஜூன் 2024, காலை 6.30

560 உங்கள் பேனல்களுக்குப் போதும். இந்த இடத்தில் போதாது. சுமை 78 என்பதால் கட்டுப்பாட்டு அறையில் 0.33 வோல்ட் வரும், ஆனால் ஷெட்டுக்குப் போய்ச் சேரும்போது அதில் 120 / 221 பங்குதான் இருக்கும், 0.18. எல்லைக்குக் கீழே. 470 போட்டால் இங்கே 0.38, அங்கே 0.21. மிக நெருக்கம், ஆனாலும் தேறும்.

சுழியத்தை ஒன்று என்று எடுக்கும் சிப்கள் உண்டு. அவற்றின் எல்லை -0.05 வோல்ட்டிலிருந்து தொடங்கும். அதாவது ஓய்வில் இரைச்சலைத் தாங்க 50 மில்லிவோல்ட் இடம்தான் உறுதி. விஎஃப்டி பக்கத்தில் அதை மட்டும் நம்பி விடமாட்டேன். தவிர, பதினாறு மின்மானிகளுக்குள் எந்தச் சிப் இருக்கிறது என்று யார் திறந்து பார்ப்பது?

இப்போது கடைசி ஐந்து. எர்த் தேவையில்லை என்று இந்த இழையில் இருவர் எழுதியிருக்கிறீர்கள். ரிசீவர் வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது, உண்மை. ஆனால் பார்ப்பதற்கு ஏ, பி இரண்டும் அதன் சொந்தப் பொது முனையை ஒப்பிட்டு -7 முதல் +12 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்றால், டிரைவர் கம்பிகளை 0க்கும் 5க்கும் இடையில் வைக்கிறது. இரு இடங்களின் எர்த் 7 வோல்ட் வரை விலகலாம் என்று இடம் விட்டால் கீழே -7, மேலே +12.

நீங்கள் அளந்தது 8 வோல்ட் ஏசி. அதன் உச்சம் 11.3. ஒவ்வொரு சுற்றிலும் இரு பக்கமும் அந்தச் சாளரத்துக்கு வெளியே போகிறது. விஎஃப்டியின் வேகமான துடிப்புகளைச் சாதாரண மல்டிமீட்டர் முழுமையாகக் காட்டாது, உண்மை இன்னும் மோசமாக இருக்கலாம். பழைய பதினொன்றும் தனிமைப்படுத்தப்பட்டவை என்பதால் எர்த் எங்கே போனாலும் அவற்றைத் தொடவில்லை. 2400க்கு இறக்கியும் பயனில்லாததற்குக் காரணமும் இதுதான். பிட்டை நீட்டினாலும் வோல்ட் அதே வோல்ட்தானே.

---

தீப்பொறி | 13 ஜூன் 2024, காலை 9.20

சாளரம் என்ற கணக்கை நான் இதுவரை கவனித்ததில்லை. ஆனால் தீர்வு எளிது. உதிரிச் சோடியையே மூன்றாவது கம்பியாக்கி இரண்டு பொது முனைகளையும் சேர்த்துவிடலாம். விலகல் சுழியமாகிவிடும்.

---

ஓசூர்_கருவியியல் | 13 ஜூன் 2024, மதியம் 1.10

ஒரு பக்கமாவது எர்த்தை விட்டு மிதந்தால் அது சரியான தீர்வு. இங்கே யுஎஸ்பி மாற்றி கணினி வழியாக எர்த்தில் நிற்கிறது, ஷெட்டின் மின்மானிகளும் எர்த்தில் நிற்கின்றன. 50 ஓம் மெல்லிய கம்பி இரண்டு எர்த் குழிகளைச் சமன்செய்ய முடியாது. எர்த் மின்னோட்டத்துக்கு அது இன்னொரு வழியாகும், அவ்வளவுதான். இரு முனைகளிலும் 100 ஓம் சேர்த்தால் கம்பி சூடாகாது, ஆனால் விலகல் அப்படியே நிற்கும்.

கம்ப்ரஸர் அறையில் தனிமைப்படுத்தும் ரிப்பீட்டர் ஒன்று வையுங்கள். அதற்குப் பிறகு ஷெட் பக்கத்தின் பொது முனை ஷெட்டின் எர்த்தோடு சேர்ந்து ஏறி இறங்கட்டும், யாருக்கும் கவலையில்லை. அந்தப் பக்கத்துக்கு மூன்றாவது கம்பி கட்டாயம்.

---

பல்லடம்_மின்பிரிவு | 16 ஜூன் 2024, மாலை 5.30

ஞாயிறு விடுமுறையில் வேலை முடிந்தது. ஒவ்வொன்றாகச் செய்தேன், எது எதைத் தீர்த்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காக.

470 ஓம் இரண்டையும் வெள்ளிக்கிழமையே போட்டேன். ஓய்வு வோல்ட் இங்கே 0.37, ஷெட்டில் 0.20. அன்று மாலையிலிருந்து முதல் பதினொன்றில் சிஆர்சி பிழை ஒன்றுகூட இல்லை. கடைசி ஐந்து அப்போதும் வரவில்லை.

இன்று ரிப்பீட்டர் வைத்துவிட்டு, ஷெட்டில் நான்கு ஃபிரேம்களை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். 22 முதல் 25 வரை நான்கும் தொடர்ந்து பதில் தருகின்றன. 26 மட்டும் இடையிடையே விடுகிறது.

---

ஓசூர்_கருவியியல் | 16 ஜூன் 2024, மாலை 6.15

ரிப்பீட்டர் வைத்த பிறகு உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனி பஸ்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனைகள், இரண்டு 120, ஓர் இணை இழுப்பு மின்தடைகள். கம்ப்ரஸர் அறையில் ரிப்பீட்டரின் இரு பக்கமும் 120 போட்டீர்களா? ஷெட் பக்கத்துக்குத் தனியாக ஓய்வு வோல்ட் கொடுத்தீர்களா?

---

பல்லடம்_மின்பிரிவு | 16 ஜூன் 2024, இரவு 7.00

இரு பக்கமும் 120 போட்டேன். ஷெட் பக்கத்து இழுப்பு மின்தடைகளுக்கு ரிப்பீட்டரிலேயே சுவிட்ச் இருந்தது, அதை இயக்கினேன். அங்கே ஓய்வில் 0.3 வோல்ட்.

26ஆம் மின்மானி பிரதான கேபிளிலிருந்து கிளையாகப் பிரிந்து 15 மீட்டர் தள்ளி இருக்கிறது.

---

தீப்பொறி | 16 ஜூன் 2024, இரவு 7.25

கிளைதான் காரணம். கேபிள் ஒவ்வொரு கருவியாகத் தொட்டுக்கொண்டு போக வேண்டும், கிளை கூடாது.

---

யாழ்_குளிரறை | 16 ஜூன் 2024, இரவு 8.00

9600இல் 15 மீட்டர் கிளை போய்த் திரும்ப 0.15 மைக்ரோ நொடி. ஓசூர் அண்ணாவின் கணக்கின்படி பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. கிளை போகும் வழியில் மோட்டார் கேபிள் இருக்கிறதா, அங்கே முறுக்கு பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

---

ஓசூர்_கருவியியல் | 16 ஜூன் 2024, இரவு 9.10

கிளையாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். ரிப்பீட்டர் எந்தப் பக்கம் பேசுகிறது என்று தானே கண்டுபிடித்துத் திசை மாற்றுகிறது. கேள்வியின் கடைசி பைட்டுக்குப் பிறகும் சிறிது நேரம் திசையைப் பிடித்து வைத்திருக்கும் வகைகள் உண்டு. அதற்குள் மின்மானி அவசரப்பட்டுப் பதில் தொடங்கிவிட்டால் முதல் பைட் முட்டி அழியும். 26ஆம் மின்மானியில் பதிலைத் தாமதப்படுத்தும் அமைப்பு இருந்தால் 10 மில்லி நொடி கொடுத்துப் பாருங்கள்.

அதற்கு முன் பதிவை எடுங்கள். பதிலின் முன்னால் தேவையற்ற பைட் ஒட்டியிருந்தால் ஓய்வு வோல்ட் இன்னும் போதவில்லை. முதல் பைட்டாகிய முகவரி `1A` காணாமல் போய் `03`இல் தொடங்கினால் திசை மாறும் நேரம். நடுவில் ஏதோ ஒரு பைட் மாறியிருந்தால் கிளையின் வழியை நடந்து போய்ப் பாருங்கள்.

---

திருவிழா_ஒளி | 17 ஜூன் 2024, காலை 10.30

எங்கள் ஜெனரேட்டர் வண்டிக்கும் மேடைக்கும் தனித்தனி எர்த் கம்பி அடிக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் எத்தனை வோல்ட் என்று இதுவரை பார்த்ததே இல்லை. இந்த வாரம் அளந்துவிட்டுத் தனி இழையில் எழுதுகிறேன்.

---

பல்லடம்_மின்பிரிவு | 18 ஜூன் 2024, இரவு 9.45

26ஆம் மின்மானியின் பிழைகள் இரண்டு வகையாக வருகின்றன. பெரும்பாலானவை `03`இல் தொடங்குகின்றன. சிலவற்றில் நடுவில் ஒரு பைட் மாறியிருக்கிறது. தாமத அமைப்பு இந்த மின்மானியில் இல்லை. ஷெட்டில் கிளை போகும் வழியைப் பார்த்தேன், ஏறக்குறைய 6 மீட்டர் விஎஃப்டி மோட்டார் கேபிளோடு ஒரே தட்டில் கிடக்கிறது. அதை நாளை பிரித்து எதிர்ச் சுவருக்கு மாற்றுகிறேன். திசை பிடித்து வைக்கும் நேரத்தை மாற்றக்கூடிய ரிப்பீட்டர் யாரிடமாவது ஓடிக்கொண்டிருக்கிறதா?